மாதச் சாமானும் வாரச் சாமானும்

மைசூர் நகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்கு வேண்டிய மளிகைச் சாமான்களைத் தெருமுனைக் கடையில் வாரந்தோறும் வாங்குவது சிக்கனமா, அல்லது மாதத் தொடக்கத்தில் இணையவழியாக ஒரே முறையில் மொத்தமாக வரவழைத்துக்கொள்வது சிக்கனமா என்பதே அது. கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரு குழந்தைகள் என்று நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மாதத்துக்கு ஒரு முறை சாமான் வாங்குவது இணையம் வந்த பிறகு தோன்றிய வழக்கம் என்று நம் பிள்ளைகள் எண்ணக்கூடும். அது அவ்வாறன்று. சம்பளம் வந்த மறுநாள் நீண்டதொரு சீட்டை எழுதி மளிகைக் கடையில் கொடுப்பதும், மாலையில் கடைப் பையன் மிதிவண்டியில் சாமான்களைக் கொண்டுவந்து இறக்குவதும் நம் தாத்தாக்கள் காலத்து வழக்கமே. பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்னும் கருத்தும் பழையதுதான். சென்னையில் 1904-ஆம் ஆண்டு தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அந்தக் கருத்தின் மேல் எழுந்ததே. 2011-இல் பெங்களூரில் பிக்பாஸ்கெட் போன்ற இணைய மளிகை நிறுவனங்கள் தோன்றி, பின்னர் மைசூருக்கும் வந்தபோது, பழைய சீட்டு கைப்பேசிக்குள் புகுந்தது. ஆனால் சீட்டை வாங்கிக்கொண்ட மனிதரும், அவரிடம் நமக்கிருந்த பற்று வரவும் அதனோடு கைப்பேசிக்குள் புகவில்லை. நம் கணக்கில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் அளவுகளைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு மாதம் ஒன்றுக்குச் சாப்பாட்டு அரிசி 15 கிலோ, இட்லி அரிசி 5 கிலோ, கோதுமை மாவு 5 கிலோ, எல்லாப் பருப்புகளும் சேர்ந்து 7 கிலோ, எண்ணெய் 4 லிட்டர், சர்க்கரை 3 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அரிசியும் மாவும் சேர்ந்து 25 கிலோ என்பது தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் ஆகும். ஆகவே இது மிகையான மதிப்பீடு அன்று. உப்பு ஒரு கிலோ போதும். அதிலும் மிச்சம் இருக்கும்.

இனி விலை. கீழே வரும் தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அன்றாடச் சந்தை விலைகள் அல்ல. நேயர்கள் தங்கள் ஊர் விலைகளை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தெருக்கடையில் இருவகை அரிசியும் சேர்ந்து 1,200 ரூபாய், கோதுமை மாவு 260, பருப்பு வகைகள் 910, எண்ணெய் 640, சர்க்கரை 138, சோப்பும் துணி துவைக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் கட்டியும் 600, புளி, மிளகாய், மல்லி, காப்பித் தூள் முதலிய சில்லறை 700 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 4,448 ரூபாய். இணையவழியில் அதே சாமான்கள் 4,210 ரூபாய்க்குக் கிடைக்கின்றன எனக் கொள்வோம். மிச்சம் 238 ரூபாய்.

இந்த 238 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதே முக்கியம். அரிசியில் 60, சோப்பு வகையில் 60, பருப்பில் 42, எண்ணெயில் 40, மாவில் 20. இவை ஐந்தும் சேர்ந்து 222 ரூபாய். சர்க்கரையும் மசாலைச் சாமான்களும் சேர்ந்து தருவது 16 ரூபாயே. ஆனால் கைப்பேசித் திரையில் நம் கண்ணைக் கவர்வது பெரும்பாலும் அந்தச் சிறு பொட்டலங்கள்தாம். அங்கே 20 விழுக்காடு தள்ளுபடி, 30 விழுக்காடு தள்ளுபடி என்று காட்டப்படுவது பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலையிலிருந்து கழித்த தொகை. தெருக்கடைக்காரரும் பல சாமான்களை அச்சிட்ட விலைக்கு விற்பதில்லை. அவரும் குறைத்தே தருகிறார். ஆதலின் அச்சிட்ட விலையோடு ஒப்பிடாமல், அவர் நம்மிடம் உண்மையில் வாங்கும் விலையோடு ஒப்பிட்டால்தான் தள்ளுபடியின் உண்மை அளவு தெரியும்.

எண்ணெயில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். முன்னர்ப் பொட்டலங்கள் குறித்த அளவுகளிலேயே வர வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த விதி நீங்கிய பின் 850 கிராம், 800 மில்லி என்று பல அளவுகளில் உறைகள் வருகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒரு லிட்டர் உறை போலவே இருக்கும். இரண்டு உறைகளின் விலையை ஒப்பிடும்போது கிராம் எடையைப் பார்த்து வகுத்துக்கொள்ள வேண்டும். 910 கிராம் 155 ரூபாய் என்றால் 100 கிராம் சுமார் 17 ரூபாய். 800 கிராம் 145 ரூபாய் என்றால் 100 கிராம் 18 ரூபாய்க்கும் மேல். பத்து ரூபாய் மலிவாகத் தோன்றிய உறை உண்மையில் விலை கூடியது. பொட்டலத்தின் மேல் அலகு விலையும் இப்போது அச்சிடப்படுகிறது. எழுத்து சிறியதாயினும் அதனைத் தேடிப் படிப்பது பயன் தரும்.

பருப்பு விஷயத்தில் தெருக்கடைக்கு ஓர் அனுகூலம் உண்டு. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு முகப்புச் சீட்டு ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு, பொட்டலம் 25 கிலோவுக்கு மேற்படாதிருந்தால், 5 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. கடையில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் சில்லறைப் பருப்புக்கு இவ்வரி இல்லை. அதன் பிறகு 26 கிலோ அரிசி மூட்டைகள் கடைகளில் தோன்றியதன் இரகசியமும் இதுவே.

இப்போது 238 ரூபாய் மிச்சம் என்ன ஆகிறது என்று தொடர்வோம். கையாளும் கட்டணம், கொண்டுவரும் கட்டணம் என்று ஏதேனும் ஒரு பெயரில் 30 ரூபாய் சேர்கிறது. மிச்சம் 208. இன்னும் 150 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு சலுகை உண்டு என்று திரை சொல்ல, பட்டியலில் இல்லாத பிஸ்கட்டுப் பெட்டி ஒன்று கூடையில் ஏறுகிறது. மிச்சம் 58. மாதக் கடைசியில் அரைக் கிலோ பாசிப்பயறு வண்டு விழுந்து குப்பைக்குப் போகிறது. அதன் விலை 60 ரூபாய். மிச்சம் தீர்ந்து 2 ரூபாய் நட்டமும் ஆயிற்று. பிஸ்கட்டை வேண்டாமென்று தள்ளிவிட மன உறுதி போதும். வண்டு அவ்வாறன்று. அதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலை நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்கிறோம். தானியங்களைப் பூச்சியிலிருந்து காப்பது அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் துறைகளுள் ஒன்று. அத்துறையினர் அறிந்த உண்மை யாதெனில், வீட்டில் கண்ட வண்டு பெரும்பாலும் வீட்டில் புகுந்த வண்டு அன்று. சாமானோடு வந்த வண்டு. அரிசி வண்டின் பெண் அரிசியில் நுண்ணிய துளையிட்டு, அதனுள் ஒரு முட்டையை வைத்து, துளையை மூடியும் விடுகிறது. புழு அரிசிக்குள்ளேயே பிறந்து, தின்று, வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்; குளிர்ந்த நாட்களில் இன்னும் சில நாள் கூடும். ஆகவே பொட்டலத்தைப் பிரிக்கும்போது பளபளவென்று தூய்மையாக இருந்த அரிசி முப்பது நாட்களுக்குப் பின் ஊரத் தொடங்குகிறது. பயறு வகைகளைத் தாக்கும் வண்டின் காலமும் ஏறக்குறைய இதுவே. அது முட்டையைத் தோலின் மேலேயே ஒட்டிவைக்கும். முழுப் பாசிப்பயறு, கறுப்பு உளுந்து, தட்டைப்பயறு இவற்றின் மேல் சிறு வெள்ளைப் புள்ளிகள் காணப்பட்டால் அவை முட்டைகள் என்று அறியலாம். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இவ்வண்டின் தொல்லை குறைவு.

இதனால் விளங்குவது ஒன்று உண்டு. ஒரு மாதத்துச் சாமானை ஒரு மாதத்துக்குள் உண்டு தீர்த்துவிட்டால், முட்டை இருந்தாலும் வண்டு வெளிப்படுவதற்குள் பாத்திரம் காலியாகிவிடும். தொல்லை எல்லாம் மிச்சத்தில் இருக்கிறது. மாதம் 15 கிலோ உண்ணும் வீட்டில், மலிவு என்று 25 கிலோ மூட்டையை இறக்கினால் அது 50 நாள் நிற்கும். கடைசி 20 நாளும் வண்டுக்கு உரியவை. புதிய அரிசியைப் பழையதன் மேல் கொட்டுவது இன்னும் தவறு. பழையதில் பிறந்த வண்டு புதியதில் முட்டையிடும். டப்பாவைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகே புதியதை நிரப்ப வேண்டும்.

வண்டு கண்ணில் படுமுன்பே அறிகுறிகள் தோன்றும். பாத்திரத்தின் அடியில் மாவு போன்ற தூள் சேரும். களையும்போது வழக்கத்துக்கு மாறாகப் பல மணிகள் நீரில் மிதக்கும். ரவையிலும் மாவிலும் நூல் கட்டினாற்போலத் திரள் திரளாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஐப்பசி முடிய மைசூரில் காற்றில் ஈரம் மிகுதி. அம்மாதங்களில் ரவையும் முழுப் பயறும் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதிருப்பது நலம். இயலுமாயின் பயறை வந்தவுடன் காற்றுப் புகாத உறையில் இட்டு, குளிர்ப்பெட்டியின் பனிக்கட்டி உறையும் அறையில் நான்கைந்து நாள் வைத்தெடுத்தால் முட்டைகள் அழிந்துவிடும். எடுத்தவுடன் உறையைத் திறக்கலாகாது. சூடு பழைய நிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் வெளிக்காற்றின் ஈரம் பருப்பின் மேல் படிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

இட்லிக்கு அரைக்கும் உளுந்தைப் பற்றித் தனியே ஒரு சொல். பழைய உளுந்து மாவு காணாது என்பது நம் இல்லத்தரசியர் நன்கறிந்தது. தெருக்கடையில் கால் கிலோ வாங்கி அரைத்துப் பார்த்து, மாவு கண்டால் மறு வாரம் அதே மூட்டையிலிருந்து இரண்டு கிலோ வாங்கலாம். படத்தைப் பார்த்து வாங்கும் இடத்தில் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

இனிப் பற்று வரவுக்கு வருவோம். குவெம்புநகரிலோ சரஸ்வதிபுரத்திலோ பத்தாண்டு வாடிக்கையாக இருக்கும் குடும்பத்துக்குக் கடைக்காரர் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் தருவார். வட்டி கேட்பதில்லை. ஆனால் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் அந்த நோட்டின் விலைதான். இது நியாயமான விலை என்பது என் கருத்து. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் குடும்பத் தலைவருக்கு ஒரு மாதம் சம்பளம் பத்து நாள் தாமதமாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையவழியில் வாங்க 4,000 ரூபாய் முதல் நாளே வேண்டும். கடன் அட்டையில் வாங்கி, கெடுவுக்குள் முழுத்தொகையையும் கட்டாமல் விட்டால் நூற்றுக்கு மாதம் மூன்று, மூன்றரை ரூபாய் வரை வட்டி ஏறும். 4,000 ரூபாய்க்கு அது 120 முதல் 140 ரூபாய். ஓராண்டில் ஒருமுறை இவ்வாறு நேர்ந்தாலும் ஒரு மாதத்து மிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். வேற்று மாநிலத்தில், உறவினர் அருகில் இல்லாத ஊரில் வாழ்வோருக்கு அந்தச் சிறு நோட்டு ஒருவகைக் கைம்மாற்று. வாரம் ஒரு முறையாவது கடைக்குப் போகாதவருக்கு அந்த நோட்டில் பக்கம் இருப்பதில்லை. கடைக்காரர் அதில் குறை சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

ஆகவே நான் கூறும் ஏற்பாடு இது. அரிசி, கோதுமை மாவு, எண்ணெய், சோப்பு வகை ஆகிய நான்கையும் மட்டும் மாதம் ஒருமுறை இணையவழியில் வரவழைக்கலாம். இவை கனமானவை, தூக்கிவருவது சிரமம், உறையிட்டு வருவதால் தரம் பெரிதும் மாறாது. நம் கணக்கின்படி இவற்றில் மட்டும் மிச்சம் 180 ரூபாய். கட்டணம் 30 போக 150. பருப்பு, பயறு, புளி, மிளகாய், மல்லி, சர்க்கரை ஆகியவற்றை வாரந்தோறும் தெருக்கடையில் வாங்கினால் முழுமாத ஆணையில் கிடைக்கக்கூடிய 58 ரூபாயை விட்டுக்கொடுக்கிறோம். அதற்கு ஈடாகப் பூச்சியின் நட்டம் நீங்குகிறது. நோட்டில் நம் பக்கமும் நிலைக்கிறது. காய்கறி இந்தக் கணக்கில் சேராது. தேவராஜ மார்க்கெட்டிலோ ஹாப்காம்ஸ் கடையிலோ இரண்டு நாளுக்கு ஒருமுறை வாங்குவோர் அவ்வாறே தொடரலாம். நந்தினிப் பாலும் அப்படியே.

தெருக்கடையில் பெயர்க் குழப்பம் வராமலிருக்கப் புதிதாய் வந்தவர்கள் சில சொற்களை அறிந்திருப்பது நன்று. துவரம்பருப்பு கன்னடத்தில் தொகரி பேளெ. உளுத்தம்பருப்பு உத்தின பேளெ. பாசிப்பருப்பு ஹெசரு பேளெ. கடலெ என்றால் அங்கே கொண்டைக்கடலை இனம், நிலக்கடலை வேண்டுமாயின் கடலெகாயி என்று கேட்க வேண்டும், பொட்டுக்கடலை ஹுரிகடலெ. துவரையில் கலபுரகிப் பருப்பு புகழ்பெற்றது; 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இட்லிக்கு அங்கே ரவையே வழக்கமாதலின் எல்லாக் கடையிலும் இட்லி அரிசி கிடைக்காது. இதனையும் மாத ஆணையில் சேர்த்திருப்பதன் காரணம் அதுவே. நல்லெண்ணெய் கேட்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். எள்ளெண்ணெ என்று கேட்க வேண்டும். தீபத எண்ணெ என்று எழுதிய புட்டி அதன் அருகிலேயே, அதே நிறத்தில் அடுக்கப்பட்டிருக்கும். அது விளக்கேற்றுவதற்கு உரியது, உண்ணத்தக்கதன்று. புட்டியின் மேல் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

மாத ஆணை வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில், கொண்டுவந்தவர் நிற்கும்போதே மூன்றைப் பார்த்துவிட வேண்டும்: உறை கிழிந்திருக்கிறதா, எடை சரியாக உள்ளதா, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து சேரும் உணவுப் பொருளுக்கு அதன் ஆயுளில் 30 விழுக்காடாவது, அல்லது காலாவதிக்கு முன் 45 நாளாவது மீதியிருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகர்களுக்கு 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவுறுத்தியது. நாள் நெருங்கிய மாவுப் பொட்டலம் வந்தால் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பலாம். முறையீடு செய்தால் 48 மணி நேரத்துக்குள் அதனைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக விதி. தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கேளாமலே கூடையில் ஏறிய பொருளுக்கும், கடைசித் திரையில் முளைக்கும் கட்டணத்துக்கும் எதிராக 2023 நவம்பரில் வெளியான நெறிமுறைகள் உள்ளன. ஆகவே பணம் செலுத்துமுன் கடைசித் திரையை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும்.

தை மாதத்துக்கு மட்டும் இந்த ஏற்பாட்டைச் சிறிது மாற்றிக்கொள்ளலாம். பொங்கலுக்கு வேண்டிய வெல்லம் மைசூருக்கு மிக அண்மையில் உள்ள மண்டியாவிலிருந்து வருகிறது. பச்சரிசியும் புதிதாகக் கடைக்கு வரும் காலம் அது. இரண்டையும் கடையிலேயே பார்த்து வாங்குவது நலம். வெல்லக் கட்டி மிக வெளிறிய மஞ்சளாக இருந்தால் நிறம் வெளுப்பதற்கு மருந்து சேர்த்திருக்கக்கூடும். செம்பழுப்பு நிறக் கட்டியில் ஒரு துண்டு உடைத்துத் தரச் சொல்லி வாயில் இட்டுப் பார்த்து, உப்புக் கரிக்காமல் இருந்தால் இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லலாம்.